முழங்கையில் மூன்று கோடுகள்

அந்தச் சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் மகளின் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மணியைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுத்தேன் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. அவள் கல்லூரியிலிருந்து திரும்ப ஒன்றரை ஆகும். என் மனைவி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எனக்கு வகுப்பு. திருட வருகிறவனும் இப்படித்தான் யார் எப்போது வருவார்கள் என்று எண்ணிப் பார்ப்பான் என்று அப்போது தோன்றவில்லை. மகளுக்கு உதவி செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

திரையில் அவள் செய்த வாட்ச்மேன் நின்றான். நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில் கயிறு, இடது மணிக்கட்டில் பெரிய வாட்ச். எங்கள் தெருக்கோடி அபார்ட்மெண்டின் வாட்ச்மேனைப் பார்த்துச் செய்தது. அவள் செய்த முதல் முப்பரிமாண உருவம். சிறுசேரியில் ஒரு கேம் கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது, அதற்கு ஒரு உருவம் செய்து சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

இந்த வேலை எனக்குத் தெரியாததல்ல. படப்பை பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். அங்கே வரைபடப் பிரிவை மூடியபோது, நாற்பது வயதில் அனிமேஷன் மென்பொருள் கற்றுக்கொண்டேன். தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். என் மகளுக்கு மவுஸைப் பிடித்து முதல் பெட்டியை இழுக்கக் காட்டியதும் நான்தான். அதனால் அவள் தன் முதல் உருவத்தை என்னிடம்தான் காட்டுவாள், நான்தான் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அவள் என்னிடம் காட்டவில்லை. இணையத்தில் ஒரு மன்றத்தில், இந்த வேலை செய்கிறவர்கள் படம் போட்டுக் கருத்துக் கேட்கும் இடத்தில், காட்டினாள்.

அதை நான் கண்டுபிடித்தது இரண்டு வாரம் முன்பு. மழை வந்ததென்று துணி எடுக்க மாடிக்கு ஓடியவள் திரையை அப்படியே விட்டுப்போனாள். உருவத்தின் வலைக்கோடுகள் தெரியும்படி எடுத்த வாட்ச்மேனின் படத்தின் மேல் யாரோ சிவப்புக் கோடுகள் வரைந்திருந்தார்கள். தயங்காத கை; வாயைச் சுற்றி ஒரே இழுப்பில் வளையங்கள். ஆளின் பெயருக்குப் பதில் ஒரு பூனைப் படம். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்.

"முகத்துல கோடெல்லாம் கிராஃப் பேப்பர் மாதிரி நேரா இறங்குது. வாய் திறந்தா சதுரமா கிழியும். வாயைச் சுத்தி, கண்ணைச் சுத்தி வட்டமா ஓடவிடு. தசை எப்படிப் போகுதோ கோடும் அப்படிப் போகணும்.

"முழங்கை மடங்குற இடத்துல ஒரே ஒரு கோடுதான் இருக்கு. மடக்கினா தோட்டத்து டியூப் மாதிரி நசுங்கும். அங்க மூணு கோடு வேணும். மடிப்புக்குள்ள நெருக்கமா, வெளிப் பக்கம் விரிஞ்சு.

"டெக்ஸ்சரை, அந்தத் தோல் படத்தை, முன்னாடி இருந்து நேரா அடிச்சிருக்கே. அதான் கன்னத்துப் பக்கமும் காதும் ஈஷியிருக்கு. முதல்ல சதுரங்கக் கட்டம் ஒட்டிப் பாரு. கட்டம் எங்க நீளுதோ அங்க தோலும் நீளும். தலைக்குப் பின்னாடி, கைக்கு உள்பக்கம் வெட்டி, தோலை விரிச்சுப் போடு.

"மூக்குக்கு நடுவுல கறுப்புக் கோடு தெரியுதே, பாதி செஞ்சு கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டியா? நடுப் புள்ளிகள் ரெண்டு ரெண்டா நிக்குது, சேரல. சேர்த்துடு. ஓரத்தை மழுக்கிக் காட்டுற ஸ்மூத்திங்கை எல்லா இடத்துக்கும் போடாதே. சட்டை ஓரம், தொப்பி விளிம்பெல்லாம் கூர்மையாவே இருக்கட்டும். இல்லேன்னா அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியும்."

நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது தவறு அகப்படுமா என்றுதான் படித்தேன். அகப்படவில்லை. கோடுகளைச் சம இடைவெளியில் போடு என்று அவளுக்குச் சொல்லியிருந்தவன் நான். டெக்ஸ்சரை முன்னாலிருந்து நேராகப் போடக் காட்டியதும் நான். டிராஃப்டிங் மேஜையில் சம இடைவெளி என்பது ஒழுக்கம். இரும்புக் குழாயின் முழங்கை மடங்காது. அந்தப் பழக்கத்தைத்தான் ஆறேழு வருடமாக பேட்ச் பேட்சாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. கீழே என் மகள் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தைத்தது.

"தேங்க்ஸ். இதை யாருமே எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை."

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தச் சதுரங்கக் கட்டத்தை என் சொந்தச் சரக்கு போலச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "சார், போன வாரம் முன்னாடியிலேர்ந்து அப்படியே அடி, அதான் ஈஸின்னு சொன்னீங்களே சார்?" பக்கத்தில் இருந்தவன், "மச்சான், சாருக்கு அப்டேட் வந்துகீதுடா" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பூனைப் படத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என் மகள் மாறிக்கொண்டிருந்தாள். மன்றத்தில் பதில் வந்தால் ஒரு மணிச் சத்தம் கேட்கும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சத்தத்துக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்தேன். அவள் முகம் மலர்ந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "யாரும்மா அது?"

"ஃபோரம்ல ஒருத்தங்க, அத்தா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"எட்ஜ் ஃப்ளோல, கோடு ஓடற விதத்துல, என்ன அத்தா ஆம்பளை, பொம்பளை?"

என் மனைவி சமையலறையிலிருந்து, "விடுங்களேன். மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க" என்றாள்.

"நீயும் இதையே ஆறேழு வருஷமா சொல்லித்தந்திருந்தா உனக்குத் தெரியும்."

"நீங்க சொல்லித்தந்தா அவ ஏன் அங்க போறா?"

அவள் அதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

இப்படியாக அந்தச் சனிக்கிழமை பத்தேகால் மணி வந்தது.

மானிட்டர் ஓரத்தில் என் மகள் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள். 'அதிகபட்சம் 1500 முக்கோணம்.' உருவத்தின் தோல் எத்தனை முக்கோணத் துண்டுகளால் ஆனதோ, அத்தனையையும் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவே ஒவ்வொரு நொடியும் வரைய வேண்டும். அதனால் கம்பெனி ஒரு வரம்பு வைத்திருந்தது. அவளுடைய வாட்ச்மேனுக்கு ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. எண்பது கூடுதல். அதன் கீழே அவள் பென்சிலில், 'எங்க குறைக்கறது? கேக்கணும்' என்று எழுதியிருந்தாள். யாரிடம் கேட்கணும் என்று எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரிந்தது.

முதலில் தொப்பியை ஒதுக்கிப் பார்த்தேன். உள்ளே முழு மண்டையும் உருண்டையாக இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத மண்டை. தொப்பி கழலப்போவதில்லை. அதை அழித்தேன். எண்பத்துநாலு முக்கோணம் போயிற்று. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. வரம்புக்குள் வந்தாயிற்று.

அத்தோடு எழுந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் எழுந்திருக்கவில்லை. கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கையில் மூன்று கோடுகள். பூனை சொன்னபடியே, மடிப்புக்குள் நெருங்கி, வெளியே விரிந்து. முழங்காலிலும் அதே மாதிரி மூன்று. வாயைச் சுற்றி வளையம். என் வீட்டில், நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், வேறு யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போன மாதிரி இருந்தது. முழங்கையின் இரண்டு கோடுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அடுத்த கையிலும். முழங்கால்களிலும். மிஞ்சிய கோடுகளைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சம இடைவெளியில் நகர்த்தினேன். பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது! பிறகு உடம்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்மூத்திங் கொடுத்தேன். அதே பெயரில் சேமித்தேன். ஃபைலை ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சேமிக்க வேண்டுமென்று மாணவர்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான்.

அடுத்த பாராட்டு எனக்கு வரட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வருகிற பாராட்டில் ரகசியமாக ஒரு பங்காவது.

ஒன்றரைக்கு வந்தாள். அந்த எண்பது முக்கோணத்தைத் தவிர மற்ற வேலையை முந்தின இரவே முடித்துவிட்டதால் ஃபைலைத் திறந்து பார்க்காமல், எங்கே குறைப்பது என்று கேட்டு, கடைசிப் பார்வைக்காக மன்றத்தில் ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்த மணிச் சத்தம் கேட்டது. நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "நேத்து படத்துல இருந்த முழங்கை இதுல இல்ல. கையை மடக்கிப் பார்த்தேன், நசுங்குது. தோலை விரிச்ச பிறகு கோட்டை நகர்த்தியிருக்காங்க, அதான் வாட்ச் சூயிங்கம் மாதிரி இழுபட்டிருக்கு. தொப்பி விளிம்பெல்லாம் அழுக்கு. இது உன் கை இல்ல. யார் தொட்டாங்க?"

அவள் ஃபைலைத் திறந்தாள். உருவத்தை ஒரு சுற்று சுற்றினாள். கையைப் பெரிதாக்கினாள்.

"அத்தா, நீங்களா?"

"நானா? நான் எதுக்கு?"

"அத்தா."

"இன்டர்நெட்ல போட்டா எவனாவது மாத்தியிருப்பான். கண்டவன்கிட்டயெல்லாம் குடுத்தா இப்படித்தான்."

இந்தத் தொழிலை அறிந்தவன் யாரும் சொல்லமாட்டாத பொய். அதை அவளிடமே சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திரையிலிருந்த கைகளைத்தான் பார்த்தாள். சம இடைவெளியில் கோடுகள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? சிறு பிள்ளையில் அதைப் பார்த்துத்தான் கோடு போடக் கற்றாள்.

மன்றத்தில் ஏதோ தட்டினாள், பென் டிரைவைச் செருகினாள், ஃபைலை நகல் எடுத்தாள், தாவணித் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எங்கம்மா போற?" என்றாள் என் மனைவி. கேட் சத்தம்தான் கேட்டது. மணி மூன்று இருபத்தைந்து.

பத்து நிமிடம் கழித்து அவள் கைப்பேசியை அழைத்தேன். அது மேஜை டிராயருக்குள்ளேயே அடித்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாததுக்கா அவ அப்படிப் போறா?"

அப்போதுதான் மன்றத்துப் பக்கத்தைக் கீழே இறக்கிப் பார்த்தேன். மூன்று பதினெட்டுக்கு என் மகள் கேட்டிருந்தாள்: "வரலாமா?" மூன்று இருபதுக்குப் பூனை பதில் போட்டிருந்தது: "பள்ளிக்கரணை வந்துடு. இங்க உக்காந்து சரி பண்ணிடலாம். விலாசம் உன் மெயில்ல."

அவள் மெயில் பூட்டியிருந்தது; விலாசம் இல்லை. பெயர் இல்லை. பள்ளிக்கரணை, அவ்வளவுதான்.

நாலு மணி வகுப்புக்குத் தலைவலி என்று போன் செய்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில் ரயில்வே ஸ்டேஷன் வாசல், பிறகு பஸ் ஸ்டாண்ட், பிறகு மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, எதிரே எழும்பியிருந்த அடுக்குமாடிகளைப் பார்த்தேன். எத்தனை ஜன்னல்கள். எல்லாம் சம இடைவெளியில். எந்த ஜன்னலுக்குப் பின்னால் அவன் இருக்கிறான்? அதற்குள் பூனை எனக்கு 'அவன்' ஆகிவிட்டிருந்தது. முப்பது வயது, தாடி, என்னைவிட நன்றாகத் தெரிந்தவன்.

ஒரு டீக்கடையில் கேட்டேன். "அண்ணே, இங்க கம்ப்யூட்டர்ல பொம்மை செய்யற ஆளு யாராவது இருக்காங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்மையா? இங்க அல்லாரும் கம்ப்யூட்டர்தான் சார். பேரு இன்னா?"

"தெரியாது."

"வூடு?"

"தெரியாது."

"என்ன சார் பேஜாரு" என்றார். ஆனாலும் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் மகளின் விலாசத்தைக்கூடச் சொல்லத் தெரியாதவன் போல நின்றேன். ஒருவர் மேல் இவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறேன், அந்த ஆள் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. பயமும் பொறாமையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எது எது என்று பிரிக்க முடியவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த அதே நேரத்தில், இப்போது யார் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைச் சரிசெய்கிறாள் என்றும் மனம் எரிந்தது. இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். இல்லை என்று நான் தலையாட்டியதும் உள்ளே போனாள். கடைசி நேரம் கடந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன். அதைவிட, இனி அவள் எதையும் என் கண்ணில் படுமாறு திறந்து வைக்கமாட்டாள் என்று நினைத்தேன். மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். தொப்பி, முழங்கை, பொய், எல்லாம். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. "அவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன?" என்றாள்.

பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு ஒலித்து முடிந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னாலிருந்து என் மகள் இறங்கினாள். ஓட்டிவந்தது ஒரு பெண். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். பருத்திச் சுடிதார், துப்பட்டாவில் குழந்தையின் பால் கறை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். தாடியெல்லாம் இல்லை.

"ஸாரி ஆன்ட்டி, பயந்திருப்பீங்க. என் பையன் தூங்கினதும் மாமியார்கிட்ட விட்டுட்டு வர லேட்டாயிடுச்சு. போன் பண்ணலாம்னா இவ நம்பரே குடுக்கல" என்றாள் என் மனைவியிடம்.

என் மகள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அறை வாசலில் நின்று, திரும்பாமலே, "அஞ்சே முக்காலுக்கு அனுப்பிட்டோம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"நான்தாம்மா பண்ணினேன்" என்றேன் அவள் முதுகைப் பார்த்து. "இன்டர்நெட்ல எவனும் மாத்தல."

"தெரியும்" என்றாள்.

அந்தப் பெண் டீ வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டப் போனவள், நின்று என்னிடம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"சார், தொப்பிக்குள்ள இருந்த மண்டையை எடுத்தது நீங்கதானே? ரெண்டு வாரமா பார்த்துட்டிருக்கேன், எனக்கு அது தோணவே இல்ல. அதை அப்படியே விட்டுட்டோம். மத்ததையெல்லாம் பழைய படத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். வரம்புல நாலு முக்கோணம் மிச்சம் சார்."